மேப்பில் நீலப் புள்ளி தவறான இடத்தைக் காட்டினால்: படிப்படியாகச் சரிபார்க்கும் முறை

கூகுள் மேப்ஸில் நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவினாலோ, நின்ற இடத்திலேயே ஊர்ந்துகொண்டிருந்தாலோ, பலரும் உடனே போனைக் காற்றில் எட்டு வடிவில் சுழற்றத் தொடங்குகிறார்கள். அவ்வாறு சுழற்றுவது போனின் திசைகாட்டியை மட்டுமே சரிசெய்யும். புள்ளியின் இடத்தை அது ஒரு மீட்டர்கூட நகர்த்தாது. இடம் தவறுவதும் திசை தவறுவதும் வெவ்வேறு கோளாறுகள் என்பதால், நமக்கு வந்திருப்பது எது என்று முதலில் பிரித்தறிய வேண்டும். கீழே உள்ள வழிமுறை ஆண்ட்ராய்டு போனுக்கானது; ஐபோனில் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

முதல் படி: புள்ளியைக் கவனித்துப் பாருங்கள்

மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தால், நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று தெரியும். "நீங்கள் இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறீர்கள்" என்பது அதன் பொருள். ஆண்ட்ராய்டு இதை ஏறத்தாழ 68 விழுக்காடு உறுதியோடுதான் சொல்கிறது. ஆகவே மூன்றில் ஒரு முறை நீங்கள் வட்டத்துக்குச் சற்று வெளியே இருந்தாலும் அதைப் பழுது என்று கொள்ள வேண்டியதில்லை. புள்ளியிலிருந்து டார்ச் ஒளிபோல விரியும் நீலக் கற்றை, போன் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. கற்றை அகலமாக விரிந்திருந்தால், திசையைப் பற்றிப் போனுக்கே ஐயம் இருக்கிறது என்று பொருள்.

வட்டம் ஒரு பேட்டையையே விழுங்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தால் இரண்டாம் படிக்கும், வட்டம் சிறிதாக இருந்தும் புள்ளி தாவிக்கொண்டிருந்தால் மூன்றாம் படிக்கும், புள்ளி சரியாக இருந்து கற்றை மட்டும் வேறு பக்கம் திரும்பியிருந்தால் நான்காம் படிக்கும் செல்லுங்கள். புள்ளி சாம்பல் நிறத்தில் இருந்தால், போனால் இப்போதைய இடத்தைக் கண்டறிய முடியவில்லை. கடைசியாகத் தெரிந்த இடத்தையே காட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது லொக்கேஷன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் படி: துல்லிய அமைப்புகள்

ஆண்ட்ராய்டு 12 முதல், ஒவ்வொரு செயலிக்கும் துல்லியமான இடத்தைத் தருவதா, தோராயமான இடத்தை மட்டும் தருவதா என்று நாமே முடிவு செய்யலாம். முதன்முறை கேட்கும்போது அவசரத்தில் Approximate என்பதைத் தொட்டுவிட்டால், அந்தச் செயலிக்கு ஏறத்தாழ 3 சதுர கிலோமீட்டர் பரப்பு என்ற அளவில்தான் நம் இடம் தெரியும். மேப்ஸ் ஐகானை அழுத்திப் பிடித்து App info திறந்து, Permissions, பிறகு Location என்று சென்று, Use precise location இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டோ அழைக்கும் செயலி ஏறுமிடத்தை எங்கோ காட்டினால், அந்தச் செயலிக்கும் இதைத் தனியே பார்க்க வேண்டும். ஐபோனில் Settings, Privacy & Security, Location Services வழியாகச் சென்று செயலியின் பெயரைத் தொட்டால் Precise Location என்ற பெயரில் இதே அமைப்பு இருக்கும்.

அடுத்து, Settings திறந்து Location, Location services, Google Location Accuracy என்று சென்று Improve Location Accuracy என்பதை இயக்குங்கள். பழைய ஆண்ட்ராய்டு போன்களில் இதன் இடத்தில் High accuracy, Battery saving, Device only என்று மூன்று தேர்வுகள் இருக்கும். அவற்றில் முதலாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது இயக்கத்தில் இருக்கும்போது போன் செயற்கைக்கோள்களை மட்டும் நம்பாமல், அருகிலுள்ள வைஃபை ரவுட்டர்களையும் செல்போன் கோபுரங்களையும் வைத்தும் இடத்தைக் கணிக்கிறது. வீட்டுக்குள் இதன் பயன் மிகுதி. ஆனால், வீடு மாறியவர் தன் ரவுட்டரையும் எடுத்துச் சென்றால், அது பழைய முகவரியிலேயே பதிவாகியிருக்கும் வரை புதிய வீட்டில் உள்ள போன் பழைய தெருவைக் காட்டக்கூடும். குறிப்பிட்ட ஒரே கட்டடத்துக்குள் மட்டும் புள்ளி எப்போதும் தொலைவிலுள்ள அதே இடத்துக்குத் தாவினால் இந்தக் காரணத்தை ஐயுறலாம்.

மூன்றாம் படி: வானம் தெரியும் இடத்துக்கு வாருங்கள்

இடத்தைக் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் தேவை. சிக்னல் வந்து சேர எடுத்துக்கொள்ளும் நேரத்தைத்தான் போன் தொலைவாக மாற்றுகிறது. ஒரு நொடியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு பிசகினாலே அந்தத் தொலைவு 3 மீட்டர் தவறிவிடும். சென்னை தி.நகரின் ரங்கநாதன் தெருவை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் மாடிக் கடைகள் நெருக்கமாக நிற்க, மேலே ஒரு கீற்று வானம்தான் தெரிகிறது. செயற்கைக்கோளின் சிக்னல் நேராக வராமல் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது அதன் பாதை நீண்டுவிடுகிறது. நீங்கள் ஒரு கடை வாசலில் அசையாமல் நின்றாலும், புள்ளி இரண்டு கட்டடங்களைத் தாண்டிச் சென்று திரும்பும். வட்டம் சிறிதாகவே இருப்பதால் பார்ப்பவருக்கு இது இன்னும் குழப்பமாக இருக்கும். எந்த அமைப்பை மாற்றினாலும் இது தீராது. உஸ்மான் சாலைக்கு வந்து, மேம்பாலத்துக்கு அடியில் நிற்காமல் வானம் விரிந்து தெரியும் ஓரிடத்தில் ஒன்றிரண்டு நிமிடம் காத்திருந்தால் புள்ளி நிலைகொள்ளும். திறந்தவெளியில் சாதாரண போனின் துல்லியம் ஏறத்தாழ 5 மீட்டர். அதனால் சாலையின் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதை அங்கும் முழுமையாக நம்ப இயலாது. ஆட்டோ அழைக்கும்போது ஏறுமிடக் குறியை விரலால் நகர்த்திச் சரியான பக்கத்தில் வைத்துவிடுவதே நல்லது.

திறந்தவெளியில், துல்லிய அமைப்புகள் அனைத்தும் சரியாக இருந்தும், சில நிமிடங்களுக்குப் பின் வட்டம் சுருங்கவில்லை என்றால் போனை ஒருமுறை அணைத்து இயக்குங்கள். அதன் பின்னும் மாறாமல், அதே இடத்தில் வேறொரு போன் சரியாகக் காட்டினால், உங்கள் போனின் ஆன்டெனாவைச் சந்தேகிக்க வேண்டியதுதான். திரை மாற்றியபின் இந்தத் தொல்லை தொடங்கியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

நான்காம் படி: திசைகாட்டி

போனுக்குள் உள்ள காந்த உணரி புவியின் காந்தப்புலத்தைக் கொண்டு வடக்கை அறிகிறது. தமிழ்நாட்டில் அந்தப் புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா மட்டுமே. காந்தப் பட்டை வைத்த போன் உறையும், காரில் போனை ஒட்டி வைக்கும் காந்தத் தாங்கியும் அதைவிடப் பன்மடங்கு வலிமையானவை. எனவே முதலில் உறையைக் கழற்றுங்கள். இரும்புப் பீரோ, பைக், ஸ்பீக்கர் ஆகியவற்றிலிருந்து சில அடி தள்ளி நில்லுங்கள். காந்தத்தை அருகில் வைத்துக்கொண்டு அளவுதிருத்தம் செய்தால், உறையைக் கழற்றியதும் திசை மறுபடி பிசகிவிடும்.

பிறகு மேப்ஸில் நீலப் புள்ளியைத் தொட்டு Calibrate என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது கேமராவை எதிரிலுள்ள கட்டடங்களையும் பெயர்ப்பலகைகளையும் நோக்கிப் பிடிக்கச் சொன்னால் அவ்வாறே செய்யுங்கள். இந்த முறை திசையோடு இடத்தையும் திருத்தக்கூடியது. கேமரா முறை கிடைக்காத இடத்தில்தான் எட்டு வடிவச் சுழற்சி வேண்டும். அதைச் செய்யும்போது கை மட்டும் எட்டுப் போட்டால் போதாது, மணிக்கட்டும் திரும்பி, போனின் முகமும் முதுகும் பக்கங்களும் மாறிமாறி மேல்நோக்க வேண்டும். எல்லாப் பக்கங்களிலும் அளந்தால்தான், போனோடு சேர்ந்தே சுழலும் உள்காந்தம் எது, சுழலாமல் நிற்கும் புவிப்புலம் எது என்று பிரித்துக் கழிக்க முடியும். கற்றை குறுகியதும் நிறுத்திவிடலாம். ஐபோனில் Location Services பட்டியலின் அடியில் உள்ள System Services பகுதியில் Compass Calibration இயக்கத்தில் இருந்தால் போதும்.

சரியானதா என்று பார்க்க, திசை தெரிந்த நேரான ஒரு சாலையில் அதன் போக்கிலேயே போனை நீட்டிப் பிடியுங்கள்; கற்றையும் மேப்பில் அந்தச் சாலையின் கோட்டை ஒட்டி விழ வேண்டும். வண்டி ஓடும்போது மேப் பெரும்பாலும் நகர்வை வைத்தே திசையைக் கணிப்பதால், இந்தச் சோதனையை நின்றபடிதான் செய்ய வேண்டும்.

நீலப் புள்ளி சரியாக இருந்து, தேடிப்போன கடையின் சிவப்புக் குறி மட்டும் வேறிடத்தில் இருந்தால், அது போனின் தவறன்று, மேப்பில் பதிவான தகவலின் தவறு. அந்தக் கடையின் பக்கத்தில் Suggest an edit என்பதைத் தொட்டுச் சரியான இடத்தைத் தெரிவிக்கலாம்.