ஆர்சி ஃபில்டரில் ரெசிஸ்டர் இரைச்சல்: அந்த 1.57 எங்கிருந்து வருகிறது?

ஒரு 100 கிலோஓம் ரெசிஸ்டர், அதன் முனையிலிருந்து தரைக்கு ஒரு 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டர். சர்க்யூட் இவ்வளவுதான். இன்புட்டைத் தரையோடு இணைத்துவிட்டோம், சிக்னல் எதுவும் இல்லை. அப்படியும் கெப்பாசிட்டரின் மேல் சில மைக்ரோவோல்ட் இரைச்சல் இருக்கும். எத்தனை என்பதுதான் கேள்வி. இங்கே டர்பனில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற என் அக்கா மகன், "மாமா, எனக்கு 5.13 வருது, புத்தகத்துல 6.44 போட்டிருக்கான், யார் சரி?" என்று அனுப்பியிருந்தான். புத்தகம்தான் சரி. அவன் எங்கே தடுக்கினானோ அங்கேதான் பெரும்பாலோர் தடுக்குகிறார்கள், அதனால் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பேசுகிறேன். ஓம் விதி, ஆர்சி ஃபில்டர் எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ரெசிஸ்டரின் இரைச்சல் அடர்த்தி

ரெசிஸ்டருக்குள் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கின்றன. அந்த அசைவே முனைகளுக்கு நடுவில் ஒரு சிறு வோல்டேஜாகத் தெரிகிறது. பெல் ஆய்வகத்தில் ஜான்சன் இதை அளந்தார், நைக்விஸ்ட் கணக்கு போட்டுக் காட்டினார், இருவரின் கட்டுரையும் 1928-இல் வந்தன.

```
en = sqrt(4 k T R)
k = 1.38e-23,  T = 300,  R = 100e3
en = 40.7 nV/sqrt(Hz)
```

k என்பது போல்ட்ஸ்மன் மாறிலி, T கெல்வினில் போட வேண்டும். டர்பன் பிப்ரவரி வெயிலில் அறை 30 டிகிரி இருந்தாலும் அது 303 கெல்வின்தான். வர்க்கமூலத்துக்குள் போகும்போது அரை சதவீத வித்தியாசம்கூட வராது. 300 என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

அந்த யூனிட்டில் ஹெர்ட்ஸுக்கு மேல் ஒரு வர்க்கமூலம் இருக்கிறதே, அது ஏன்? இரைச்சலில் கூட்டக்கூடியது பவர், அதாவது வோல்டேஜின் வர்க்கம். ஒவ்வொரு ஹெர்ட்ஸ் அகலத்திலும் இவ்வளவு வர்க்க வோல்ட் என்று சமமாகப் பரவிக் கிடக்கிறது. எத்தனை ஹெர்ட்ஸ் உள்ளே வருகிறதோ அத்தனையால் பெருக்கி, கடைசியில் வர்க்கமூலம் எடுத்தால் ஆர்எம்எஸ். அப்படியானால் எத்தனை ஹெர்ட்ஸ் உள்ளே வருகிறது?

படி 2: இங்கேதான் தடுக்குகிறது

கட்-ஆஃப் அதிர்வெண் 1/(2πRC), நம் மதிப்புகளுக்கு 15.9 கிலோஹெர்ட்ஸ். ஆகவே 15.9 கிலோஹெர்ட்ஸ் அகலம் என்று எடுத்து, 40.7 நானோவோல்ட்டை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 5.13 மைக்ரோவோல்ட் கிடைக்கும். அக்கா மகன் செய்தது இதைத்தான்.

ஆனால் முதல்நிலை ஃபில்டர் கட்-ஆஃபில் கதவைச் சாத்துவதில்லை. அந்த இடத்தில் பவர் பாதியாகிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் சாவகாசமாகத்தான் குறைகிறது. நம் கண்ணை ஏமாற்றுவது லாக் அச்சில் வரைந்த வரைபடம். அதில் கட்-ஆஃபுக்கு அப்புறம் கோடு சரசரவென்று இறங்குவதுபோல இருக்கும், வால் பகுதியில் ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றும். ஆனால் அதே வரைபடத்தில் 15.9-இலிருந்து 159 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள ஒரே ஒரு கட்டத்துக்குள் 143 கிலோஹெர்ட்ஸ் அகலம் அடங்கியிருக்கிறது, கட்-ஆஃபுக்குக் கீழே மொத்தமே 15.9-தான். மெல்லிய வால்தான், ஆனால் ரொம்ப நீளம். கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கூட்டுவது எளிது. பவருக்கான ஃபில்டர் பதில் 1/(1+(f/fc)²). அதன் இன்டக்ரல் ஆர்க்டான், பள்ளியில் பார்த்ததுதான்:

```
B(f2) = fc * arctan(f2/fc)
f2 -> infinity :  B = fc * pi/2 = 1.571 * fc
```

முடிவிலிவரை போனால் ஆர்க்டான் π/2 ஆகிறது, 1.57 வந்தது அதிலிருந்துதான். இதைத்தான் இரைச்சல் பேண்ட்வித் என்கிறோம். அதாவது, உயரம் 1, அதற்கு மேல் சுத்தமாகப் பூஜ்யம் என்று செங்குத்தாக வெட்டும் ஒரு கற்பனை ஃபில்டரும் அதே அளவு இரைச்சலை விட வேண்டுமானால், அதன் அகலம் எவ்வளவு இருக்க வேண்டுமோ அது.

அந்த முதல் வரியில் f2 = fc என்று போட்டுப் பாருங்கள். ஆர்க்டான் 1 என்பது π/4. மொத்தத்தில் சரிபாதி! அவுட்புட்டுக்கு வரும் இரைச்சல் பவரில் பாதி, கட்-ஆஃபுக்கு மேலே இருந்துதான் வருகிறது. இது மனதில் பதிந்துவிட்டால் 1.57-ஐ மனப்பாடம் செய்யவே தேவையில்லை. கட்-ஆஃபைப் போல பத்து மடங்கு வரை போனால் பவரில் 94 சதவீதம், நூறு மடங்கு போனால் 99.4 சதவீதம்.

ஒரு எச்சரிக்கை. 1.57 முதல்நிலை ஃபில்டருக்கு மட்டும். இரண்டாம்நிலை பட்டர்வொர்த் ஃபில்டரில் வால் வேகமாக இறங்கும், பெருக்கும் எண் 1.11 ஆகிவிடும்.

படி 3: கணக்கை முடிப்போம்

```
B    = 1.571 * 15.9 kHz = 25 kHz      ( = 1/(4RC) )
vrms = 40.7 nV * sqrt(25000) = 6.44 uV
```

அவ்வளவுதான். இனி இதைச் சரிபார்க்க ஒரு குறுக்குவழி. 4kTR-ஐ 1/(4RC)-ஆல் பெருக்குங்கள். மேலே உள்ள R கீழே உள்ள R-ஓடு அடிபட்டுப் போகும், மிஞ்சுவது kT/C. வர்க்கமூலம் எடுத்தால் 100 பிகோஃபாரட்டுக்கு அதே 6.44 மைக்ரோவோல்ட்.

R எங்கே போனது என்று கேட்பீர்கள். நம்பாவிட்டால் 1 கிலோஓம் போட்டுப் பாருங்கள். அடர்த்தி 4.07 நானோவோல்ட்டாக, பத்தில் ஒன்றாகக் குறையும். ஆனால் பேண்ட்வித் 2.5 மெகாஹெர்ட்ஸாக, நூறு மடங்காகப் பெருகும், அதன் வர்க்கமூலம் பத்து. மறுபடியும் 6.44. இரைச்சல் ரெசிஸ்டரிலிருந்து வருகிறது, ஆனால் எவ்வளவு என்பதை முடிவு செய்வது கெப்பாசிட்டர். அதனால் இந்த சர்க்யூட்டில் இரைச்சலைக் குறைக்க ரெசிஸ்டரை மாற்றிக்கொண்டிருப்பது வீண்வேலை, C-ஐத்தான் பெரிதாக்க வேண்டும். அடுத்து வரும் ஆம்ப்ளிஃபையரோ மீட்டரோ ஆர்சியைவிடக் குறைந்த பேண்ட்வித் கொண்டதாக இருந்தால் மட்டும் இந்தக் குறுக்குவழி செல்லாது. அப்போது வாலை வெட்டுவது நம் கெப்பாசிட்டர் அல்லவே.

படி 4: LTspice-இல் பார்ப்போம்

வேறு சிமுலேட்டர்களும் இருக்கின்றன. இரைச்சலுக்கு எனக்கு இதுதான் பிடிக்கும்: இலவசம், சின்ன லேப்டாப்பிலும் ஓடும், மொத்த ஆர்எம்எஸ்ஸை ஒரே வரியில் தந்துவிடும்.

```
* RC noise
V1 in 0 AC 1
R1 in out 100k
C1 out 0 100p
.noise V(out) V1 dec 100 1 10Meg
.meas noise vrms INTEG V(onoise)
.end
```

ஓட்டிவிட்டு எரர் லாகைத் திறந்தால் 6.43 மைக்ரோவோல்ட் என்று இருக்கும்.

*பின்சேர்க்கை:* பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு தம்பி, "அண்ணா, அப்படியே எழுதினேன், எனக்கு 4.87தான் வருது" என்று எழுதியிருந்தார். ஆடியோ வேலைதானே என்று கடைசி எண்ணை `20k` ஆக மாற்றியிருக்கிறார். 20 கிலோஹெர்ட்ஸ் நம் கட்-ஆஃபைப் போல 1.26 மடங்குதான், வாலில் பெரும்பகுதி வெளியே போய்விட்டது. படி 2-இன் B(f2) வரியில் போட்டால் பவரில் 57 சதவீதம் வரும், அதன் வர்க்கமூலம் 0.756, 6.44-ஆல் பெருக்கினால் அவருடைய 4.87 அச்சாக வருகிறது. காதுக்குக் கேட்கும் இரைச்சல்தான் வேண்டும் என்றால் அவர் விடை சரியே. மொத்த ஆர்எம்எஸ் வேண்டுமானால் கட்-ஆஃபைப் போல நூறு மடங்குக்காவது மேலே போங்கள்.

படி 5: மேசையில் அளக்க ஆசைப்பட்டால்

6 மைக்ரோவோல்ட்டை ஆசிலோஸ்கோப்பில் நேராகப் பார்க்க முடியாது, ஸ்கோப்பின் சொந்த இரைச்சலே அதை விழுங்கிவிடும். ஆயிரம் மடங்கு ஆம்ப்ளிஃபையர் வேண்டும். இரண்டு நிலைகளாகப் பிரித்துச் செய்யுங்கள், ஒரே ஆப்-ஆம்பில் ஆயிரம் கேட்டால் பேண்ட்வித் போய்விடும், மேலே சொன்ன வாலும் கூடவே போகும்.

ஆப்-ஆம்ப் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. குறைந்த இரைச்சல் என்றதும் எல்லோரும் NE5532-ஐ எடுக்கிறார்கள். அதன் வோல்டேஜ் இரைச்சல் 5 நானோவோல்ட், அருமைதான். ஆனால் கரண்ட் இரைச்சல் 0.7 பிகோஆம்பியர், அது நம் 100 கிலோஓமுக்குள் பாயும்போது 70 நானோவோல்ட் ஆகிவிடும். ரெசிஸ்டரின் 40.7-ஐவிட அதிகம்! கடைசியில் அளப்பது ஆப்-ஆம்பைத்தான். இந்த வேலைக்கு ஜேஃபெட் இன்புட் உள்ளதுதான் சரி, OPA1642 மாதிரி.

அப்புறம் 50 ஹெர்ட்ஸ். 100 கிலோஓம் முனை ஒரு ஆன்டெனாதான், வீட்டு மின்கம்பியின் ஹம் எல்லாம் அதில் வந்து ஏறும். சர்க்யூட்டை பேட்டரியோடு சேர்த்து ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு, டின்னைத் தரையோடு இணையுங்கள். லோட்ஷெட்டிங் நேரத்தில் அளந்தால் ஹம் தானாகவே போய்விடும் என்று நினைக்காதீர்கள், தெருவில் ஓடும் இன்வெர்ட்டர்கள் அதைவிட மோசமான குப்பையைக் கொட்டும்.

ஆம்ப்ளிஃபையர் இன்புட்டைத் தரையோடு ஷார்ட் செய்து ஒருமுறை அளங்கள், ஷார்ட்டை எடுத்து மறுமுறை அளங்கள். உதாரணமாக முதலில் 3 மில்லிவோல்ட், பிறகு 7 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 7-இல் 3 போனால் 4 என்று கழித்துவிடாதீர்கள். கழிய வேண்டியது வர்க்கங்கள்: 49-இல் 9 போக 40, வர்க்கமூலம் 6.3. ஆயிரத்தால் வகுத்தால் 6.3 மைக்ரோவோல்ட், கணக்கோடு ஒட்டி வருகிறது. ஆம்ப்ளிஃபையரின் இன்புட் கெப்பாசிடன்ஸ் சில பிகோஃபாரட் நம் 100-உடன் சேர்ந்துகொள்வதால், அளவு கணக்கைவிடக் கொஞ்சம் கீழே நிற்பதே இயல்பு.

*இன்னொரு பின்சேர்க்கை:* சாதாரண மல்டிமீட்டரின் ஏசி ரேஞ்சில் அளந்துவிட்டு விடை ரொம்பக் குறைகிறது என்று சிலர் எழுதினார்கள். ட்ரூ ஆர்எம்எஸ் இல்லாத மீட்டர் சைன் அலைக்கு ஏற்ப அளவு திருத்தப்பட்டது, இரைச்சலை 11 சதவீதம் குறைத்தே காட்டும். ட்ரூ ஆர்எம்எஸ் என்று எழுதியிருந்தாலும், ஏசி எத்தனை கிலோஹெர்ட்ஸ் வரை என்று அதன் கையேட்டில் பாருங்கள். பல கைமீட்டர்கள் நம் 15.9 கிலோஹெர்ட்ஸைத் தொடுவதே இல்லை, வாலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஸ்கோப்பிலேயே ஏசி கப்ளிங் போட்டு ஆர்எம்எஸ் அளவீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.