எபிரேய அகராதியில் வேரைத் தேடிப் பிடிப்பது: ‘உவ்தோராத்தோ’ என்ற ஒரு சொல்லை வைத்து

தமிழ் அகராதியில் ‘வீட்டில்’ என்று தேடினால் கிடைக்காது. ‘இல்’ என்பதை எடுத்தால் மட்டும் போதாது, மிஞ்சும் ‘வீட்ட்’ என்பதை ‘வீடு’ என்று திருப்பவும் தெரிய வேண்டும். எபிரேயத்திலும் இதே இரண்டு வேலைதான்: ஒட்டுகளைக் கழற்றுவது, கழற்றிய இடத்தில் மாறிப்போன எழுத்தைப் பழையபடி வைப்பது.

சங்கீதம் 1:2-இல் ‘அவருடைய வேதத்தில்’ என்று தமிழில் வருகிற இடத்தில், மூலத்தில் ஒரே சொல் இருக்கிறது:

וּבְתוֹרָתוֹ

வலமிருந்து இடமாக வாவ், பேத், தாவ், வாவ், ரேஷ், தாவ், வாவ் என ஏழு எழுத்துகள்.

படி 1: முன்னால் இருப்பதைக் கழற்றுங்கள்

வினை வடிவத்துக்கான ஒட்டுகளை விட்டுவிட்டால், சொல்லின் முன்னால் தனி எழுத்தாக வந்து ஒட்டுபவை மேம், ஷீன், ஹே, வாவ், காஃப், லாமெத், பேத் ஆகிய ஏழும்தான். இவற்றை வரிசையாக எழுதினால் משה וכלב, அதாவது ‘மோசேயும் காலேபும்’ என்று வரும். எபிரேயம் படிப்பவர்கள் இதை மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். நம் சொல்லில் முதல் வாவ் ‘உம்’. பின்னால் பேத் வருவதால் ‘வெ’ என்று ஒலிக்காமல் ‘உ’ என்று ஒலிக்கிறது. அடுத்த பேத் ‘இல்’. இரண்டையும் எடுத்தால் תורתו மிஞ்சும்.

இந்த ஏழு எழுத்தும் எப்போதும் ஒட்டாகவே வரும் என்று நினைத்துவிட வேண்டாம். இதே வசனத்தின் கடைசிச் சொல் ולילה, ‘இரவும்’. வாவைக் கழற்றலாம். லாமெத்தையும் கழற்றினால் ילה என்று மிஞ்சும், அப்படி ஒரு சொல்லே கிடையாது. ஆகவே லாமெத் சொல்லுக்கே உரியது. ஒவ்வொரு எழுத்தை எடுக்கும்போதும் மிஞ்சுவது சொல்லாக நிற்கிறதா என்று அகராதியில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: பின்னால் இருப்பதைக் கழற்றுங்கள்

கடைசி வாவ், ‘ஓ’ என்று ஒலிப்பது, ‘அவருடைய’. அதை எடுத்தால் תורת. இங்கேதான் ‘வீட்ட்’ பிரச்சினை வருகிறது. ஹேயில் முடியும் பெண்பால் பெயர்ச்சொல்லோடு ‘என்னுடைய’, ‘அவருடைய’ போன்ற ஒட்டு சேரும்போது அந்த ஹே தாவாக மாறும். ஒட்டை எடுத்ததும் கடைசியில் தாவ் நின்றால், அங்கே ஹே வைத்துப் பாருங்கள்: תורה, தோரா. அகரவரிசை அகராதி என்றால் தாவ் பகுதியில் இதைப் பார்த்துவிட்டு வேலையை முடித்துக்கொள்ளலாம்.

படி 3: வேருக்குப் போங்கள்

1906-இல் வந்த பிரவுன், டிரைவர், பிரிக்ஸ் அகராதி வேர் வாரியாக அடுக்கப்பட்டது. அதில் தோரா தன் அகரவரிசை இடத்தில் விளக்கத்தோடு இருக்காது, வேரின் கீழ் இருக்கும். வேர் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்து. தோராவின் முதல் தாவ், வினையிலிருந்து பெயர்ச்சொல் உண்டாக்கச் சேர்க்கும் எழுத்து; மேமும் இதே வேலையைச் செய்யும். அதை எடுத்தால் ורה. எபிரேயத்தில் வாவில் தொடங்கும் வேர் மிக அரிது. பழைய காலத்தில் வாவில் தொடங்கிய வேர்கள் யோதுக்கு மாறிவிட்டன, முன்னால் ஓர் எழுத்து சேரும்போதுதான் அந்தப் பழைய வாவ் எட்டிப்பார்க்கும். ஆகவே யோதைப் போட்டால் ירה, யாரா. தேடிய வேர் இதுதான்.

சரிபார்க்க, வேதாகம மூலச் சொல் ஒவ்வொன்றுக்கும் தரப்பட்டிருக்கும் ஸ்ட்ராங் எண் உதவும். தோரா 8451, அதன் குறிப்பில் வேராக 3384, அதாவது யாரா, காட்டப்பட்டிருக்கும்.

ஒட்டெல்லாம் எடுத்த பிறகு இரண்டே எழுத்து மிஞ்சினால் பதற வேண்டாம். முன்னால் நூன் அல்லது யோத், நடுவில் வாவ் அல்லது யோத், கடைசியில் ஹே என்று ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். அப்புறம் கடைசி எழுத்தையே இரட்டித்துப் பாருங்கள். அடுத்த வசனத்தில் வரும் יִתֵּן, ‘கொடுக்கும்’, நல்ல உதாரணம். முன்னால் உள்ள யோத் வினைக்கான ஒட்டு, அதை எடுத்தால் תן. தாவின் உள்ளே ஒரு புள்ளி தெரிகிறதா? அதற்குப் பெயர் தாகேஷ். விழுந்துபோன நூன் அந்தத் தாவுக்குள் அடங்கி, தாவ் இரட்டித்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். நூனைத் திருப்பி வைத்தால் נתן, நாத்தன்.

வேரைக் கண்டதும் அதன் பொருளைச் சொல்லின் மேல் ஏற்றிவிடக் கூடாது. யாராவின் கீழ் முதலில் ‘எறிதல், அம்பு எய்தல்’ என்று இருக்கும், அப்புறம் ஹிஃபீல் என்ற வினை வடிவத்தில் ‘கற்பித்தல்’ வரும். தோரா அந்த இரண்டாவதைச் சேர்ந்தது. வேர் உங்களைச் சரியான பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும். அந்தப் பக்கத்தில் தோரா என்ற தலைப்பு வரைக்கும் இறங்கிப்போய், அங்கே எழுதியிருக்கும் பொருளைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.