இரண்டு இட்லி உண்டு, இரண்டு சோறு இல்லை: ஆங்கிலப் பெயர்ச்சொல் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைதாப்பேட்டையில் மாலை நேரத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் ஆண்டில் ஒரு எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் அரிசியைப் பரப்பி வைத்து, "இதை எண்ண முடியாது, அதனால் ரைஸ் என்பது எண்ண முடியாத பெயர்ச்சொல்" என்று பாடத்தைத் தொடங்கினேன். அடுத்த பத்து நிமிடம் ஒரு சிறுமி தலையை நிமிர்த்தவே இல்லை. விரல் நுனியால் ஒவ்வொரு அரிசியாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். கடைசியில், "எண்ணிவிட்டேன் டீச்சர், நூற்றுப் பன்னிரண்டு இருக்கிறது" என்றாள்.

அவள் செய்தது சரி. நான் சொன்ன இலக்கணம்தான் தவறு. இந்தப் பாடத்தில் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு இதுவே: பொருளை எண்ண முடியுமா என்று கேட்பது. அரிசியை எண்ணலாம். மணலைக்கூடப் பொறுமை இருந்தால் எண்ணலாம். பாடம் பொருளைப் பற்றியதன்று, சொல்லைப் பற்றியது. அந்தச் சொல்லுக்கு முன்னால் ஓர் எண்ணை நேராக வைக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

இதைப் புரியவைக்க அரிசியைவிடச் சோறு நல்ல தொடக்கம். "இரண்டு இட்லி வையுங்கள்" என்று குழந்தை கேட்கும். "இரண்டு சோறு வையுங்கள்" என்று எந்தக் குழந்தையும் கேட்டதில்லை. இரண்டு கரண்டி சோறு உண்டு, ஒரு பருக்கை சோறு உண்டு, இரண்டு சோறு இல்லை. உப்பும் அப்படித்தான்: ஒரு கல் உப்பு, ஒரு சிட்டிகை உப்பு. எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே இன்னொரு சொல் வந்து உட்காருகிறது. ஆங்கிலத்திலும் அந்த இடத்தில் ஒரு சொல் வரும்: 'அ கிரெயின் ஆஃப் ரைஸ்', 'அ பின்ச் ஆஃப் சால்ட்'. பருக்கைக்கு கிரெயின், சிட்டிகைக்கு பின்ச். குழந்தையின் நாக்கில் ஏற்கெனவே இருக்கிற இந்த வழக்கத்தைப் பயன்படுத்தாமல், புதிய ஆங்கில விதி போலச் சொல்லிக்கொடுப்பது இரண்டாவது தவறு.

'ஹவ் மெனி', 'ஹவ் மச்' என்ற இரண்டும் இதே போலத்தான். நம்மிடம் எத்தனை, எவ்வளவு என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. எத்தனை முட்டை, எவ்வளவு பால். எத்தனை தேங்காய், எவ்வளவு எண்ணெய். ஆனால் இந்தத் துணையைக் கொண்டு சந்தைக்குள் நுழைந்ததும் ஒரு குழி காத்திருக்கிறது. கடையில் யாரும் "எத்தனை தக்காளி" என்று கேட்பதில்லை. "தக்காளி எவ்வளவு?" என்று விலையைக் கேட்கிறோம், "எவ்வளவு வேண்டும்?" என்று கடைக்காரர் எடையைக் கேட்கிறார். எனவே பிள்ளைகள் 'ஹவ் மச் டொமேட்டோ' என்று எழுதிவிடுகிறார்கள்.

நம் இலக்கண நூல்கள் எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நான்கு வகை அளவையைச் சொல்கின்றன. கோயம்பேட்டில் நான்கையும் பார்க்கலாம்: தேங்காய் எண்ணிக்கையில், தக்காளி எடையில், எண்ணெய் லிட்டரில், மல்லிகை முழத்தில். விற்கும் முறையைக் கொண்டு சொல்லின் வகையை முடிவு செய்யக் கூடாது என்பதை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். அரைக் கிலோ தக்காளி 'ஹாஃப் அ கிலோ ஆஃப் டொமேட்டோஸ்'. அரைக் கிலோ அரிசி 'ஹாஃப் அ கிலோ ஆஃப் ரைஸ்'. தராசு ஒன்றுதான், எடையும் ஒன்றுதான். முதலாவதில் மட்டும் பன்மையைக் காட்டும் 'ஸ்' இருக்கிறது, ரைஸில் இருப்பது சொல்லின் சொந்த ஒலி. நான் இந்த இரண்டு தொடரையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அந்தப் பன்மை 'ஸ்' வரும் இடத்தை மட்டும் வண்ணச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுவேன். அதற்குமேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

'டென் டொமேட்டோ' என்று எழுதும் பிள்ளை இதே குழப்பத்தில் இருக்கிறது என்று நினைத்துத் திருத்துவது இன்னொரு தவறு. அந்தப் பிள்ளைக்கு தக்காளி எண்ணக்கூடியது என்று நன்றாகத் தெரியும், பத்து என்று எண்ணியிருக்கிறதே! தமிழில் அஃறிணைப் பெயருக்கு முன் எண் வந்தால் 'கள்' கட்டாயமில்லை. பத்து தக்காளி, மூன்று முட்டை என்பதே நம் இயல்பு. பன்மை விகுதியை மறந்த பிள்ளைக்குப் பன்மைப் பயிற்சி கொடுக்க வேண்டும். 'ரைசஸ்' என்று எழுதும் பிள்ளைக்குத்தான் இந்தப் பாடம் மறுபடியும் தேவை. இரண்டையும் ஒரே சிவப்புக் கோட்டால் அடித்தால், முதல் பிள்ளை பயந்துபோய் எல்லாச் சொல்லிலும் 'ஸ்' சேர்க்கத் தொடங்கும். அப்படித் தொடங்கிய ஒரு பையன் 'மில்க்ஸ்', 'சால்ட்ஸ்' என்று ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தது எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

தமிழ்த் துணை கைவிடும் இடங்களும் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. "இரண்டு சோப்பு வாங்கி வா", "இரண்டு பிரெட் கொடுங்கள்", "இரண்டு பால்" என்று நாம் தாராளமாகச் சொல்கிறோம். இரண்டு பால் என்றால் இரண்டு பாக்கெட் என்று கடைக்காரருக்குப் புரியும், பாக்கெட் என்ற சொல்லை விழுங்கிவிட்டோம். ஆங்கிலத்தில் எழுதும்போது விழுங்கியதை வெளியே எடுக்க வேண்டும்: 'டூ பாக்கெட்ஸ் ஆஃப் மில்க்', 'டூ பார்ஸ் ஆஃப் சோப்', 'டூ ஸ்லைசஸ் ஆஃப் பிரெட்'. 'டூ காஃபிஸ்' என்று கடையில் கேட்பது ஆங்கிலேயருக்கும் வழக்கம்தான், ஆனால் அதை இந்த வயதில் வகுப்புக்குள் கொண்டுவர வேண்டாம். பிள்ளை தானாகவே கேட்டால் உண்மையைச் சொல்லிவிடலாம், அங்கே கப் என்ற சொல் மறைந்திருக்கிறது என்று.

பருப்பும் பட்டாணியும்தான் மிகக் கடினம். அரிசியும் பருப்பும் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் இருக்கின்றன, பொடிசாகவே இருக்கின்றன. ஆனால் 'ரைஸ்' ஒருமை, 'லென்டில்ஸ்' பன்மை. பட்டாணியும் 'பீஸ்' என்று பன்மை. சிறியதாக இருந்தால் எண்ண முடியாது என்று சொல்லிக்கொடுத்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். இதற்குக் காரணம் தேடித் தர முயல வேண்டாம், வழக்கு அப்படி என்று சொல்லி மனப்பாடம் செய்யவைப்பதே நேர்மை. பட்டாணிக்கு ஒரு கதை மட்டும் சொல்வேன். சில நூற்றாண்டுகளுக்கு முன்பு ஆங்கிலத்தில் அதன் ஒருமையே 'பீஸ்'தான். சொல்லின் முடிவில் இருந்த ஒலியைப் பன்மை விகுதி என்று நினைத்து, ஆங்கிலேயர்களே அதை வெட்டி 'பீ' என்று ஒரு புதிய ஒருமையை உருவாக்கிக்கொண்டார்கள். தங்களைப் போலவே அவர்களும் குழம்பியிருக்கிறார்கள் என்று கேட்டதும் பிள்ளைகளின் முகம் தெளிவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

பாடம் ஏறியதா என்று பார்க்க, படங்களை இரண்டு கட்டங்களில் பிரித்து ஒட்டச் சொல்வது போதாது. அங்கே பார்த்த படத்தையே மறுபடி ஒட்டுவார்கள். நான் வகுப்பில் ஒருமுறையும் பேசாத பொருள்களைக் கொண்டுவருவேன்: ஒரு கிண்ணம் ரவை, நான்கு கத்தரிக்காய், ஒரு துண்டு வெல்லம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வியும் ஒரு பதிலும் முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். கத்தரிக்காய்க்கு 'ஹவ் மெனி பிரிஞ்சால்ஸ்' என்று கேட்டு, ரவைக்கு 'ஹவ் மச் ரவா' என்று கேட்டு, பதிலில் 'ஒன் போல் ஆஃப் ரவா' என்று கிண்ணத்தை நடுவில் சேர்த்துச் சொன்ன பிள்ளைக்குப் பாடம் வந்துவிட்டது. 'ஒன் ரவா' என்று சொன்ன பிள்ளையோடு நான் மறுபடி சோற்றுப் பருக்கைக்குத் திரும்புவேன்.