மான்செஸ்டர் குறிமுறை: தாங்கி வெறுமையானதும் தகவல் குழம்புவது ஏன்?

நிலாவெளியில் ஒரு வளவு. பின்பக்கத் தண்ணீர்த் தாங்கியின் மட்டத்தை 16 பிட் எண்ணாக 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ மொடியூல் வழியாகச் சமையலறைக்கு அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வேகம் நொடிக்கு 1000 பிட்.

முதல் தவறு, 1 என்றால் சிக்னலை ஏற்றி, 0 என்றால் இறக்கி, அப்படியே அனுப்புவது. தாங்கி பாதி இருக்கும்போது இது ஒழுங்காக வேலை செய்வதுபோல் தெரியும். தாங்கி வெறுமையானால் 16 பூச்சியங்கள் தொடர்ந்து போகும். அந்த 16,000 மைக்ரோ நொடியும் சிக்னலில் ஒரு மாற்றமும் இல்லை. பெறும் பக்கம் தன் கடிகாரத்தை மட்டும் நம்பி பிட்டுகளை எண்ண வேண்டும். அனுப்பும் பக்கக் கடிகாரத்தைவிட அது 4% மெதுவாக ஓடினால், அதற்கு ஒரு பிட் 1040 மைக்ரோ நொடி. 16,000-ஐ 1040-ஆல் வகுத்தால் 15.4, அதாவது 15 பூச்சியம். ஒரு பிட் தொலைந்ததும் பின்னால் வருவதெல்லாம் இடம் மாறிவிடும். கிறிஸ்டல் இல்லாமல் உள் ஆர்சி கடிகாரத்தில் ஓடும் சிப், வெயிலில் கிடந்தால் 4% பிசகுவது பெரிய விஷயமல்ல.

கிறிஸ்டல் போட்டால் சரியாகிவிடும் என்பது அடுத்த தவறு. கடிகாரம் சரியாகும், ஆனால் மலிவான ரிசீவர் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவான அளவை வரும் சிக்னலின் சராசரியிலிருந்தே கணிக்கிறது. நீண்ட நேரம் சிக்னல் இறங்கியே இருந்தால் அந்த அளவும் கீழே நகர்ந்து, இரைச்சலே 1 போலத் தெரியத் தொடங்கும். இந்த இரண்டுக்கும் தீர்வு மான்செஸ்டர் குறிமுறை. அதில் ஒவ்வொரு பிட்டிலும் பாதி ஏற்றம், பாதி இறக்கம். எது முதலில் வருகிறது என்பதே 0-ஐயும் 1-ஐயும் பிரிக்கும். பிட்டின் நடுவில் கட்டாயம் ஒரு மாற்றம் வரும். அங்கே ரிசீவர் தன் நேரத்தைத் திருத்திக்கொள்ளலாம். பிசகு சேர்ந்து பெருக இடமே இல்லை. இதற்கு விலை, நொடிக்கு 2000 அரைப் பிட்டுகளை மொடியூல் தாங்க வேண்டும்.

பலர் கவனிக்காத தவறு தொடக்கத்தில் இருக்கிறது. ரிசீவர் நேரத்தைப் பிடித்துக்கொள்வதற்காகச் செய்திக்கு முன் அனுப்பும் முன்னோடிப் பிட்டுகளாக வெறும் 0-களை அனுப்பினால், 500 மைக்ரோ நொடிக்கு ஒரு மாற்றம் ஒரே சீராக வரும். எது பிட்டின் நடு, எது இரண்டு பிட்டுகளின் எல்லை என்று பிரித்தறியவே முடியாது. அரைப் பிட் தள்ளிப் பிடித்தால் எல்லா 0-உம் 1 ஆகிவிடும். `0x00` அனுப்ப `0xFF` வரும். 1, 0, 1, 0 என்று மாற்றி மாற்றி அனுப்பினால் எல்லையில் மாற்றம் வராது, நடுவில் மட்டும் 1000 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை வரும். அப்போது நடு எது என்பதில் சந்தேகமே இல்லை. 10 மெகாபிட் ஈதர்நெட்டும் இப்படித்தான் தொடங்குகிறது.

இன்னொன்று, 0-க்கு ஏற்றத்திலிருந்து இறக்கமா, இறக்கத்திலிருந்து ஏற்றமா என்பதில் இரண்டு மரபுகள் உண்டு. இரு பக்கமும் ஒன்றையே பின்பற்றாவிட்டால் எல்லாப் பிட்டும் தலைகீழாக வரும்.

அப்புறம், சோதிக்கும்போது அடுத்தடுத்த மாற்றங்களுக்கு இடையிலான நேரத்தை அளந்து பாருங்கள். 500, 1000 என்ற இரண்டுக்கும் பக்கத்தில்தான் எல்லா எண்ணும் விழ வேண்டும். பிரிக்கும் எல்லையை 750-இல் வையுங்கள். 1500 வந்தால் அது மான்செஸ்டரே அல்ல, அந்தச் செய்தியை அப்படியே விட்டுவிடுங்கள்.