பழைய படமா, புதுப் படமா? எந்தத் தேடுபொறியில் எதைக் கேட்பது

வெள்ளத்தில் மூழ்கிய நெடுஞ்சாலை, கார் ஜன்னலுக்கு வெளியே நீந்தும் சுறா. 2017இல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டனில் எடுத்தது என்று இந்தப் படம் பரவியது. இதை வைத்தே தேடிப் பழகலாம்.

முதலில் படத்தைச் சேமியுங்கள். ஸ்கிரீன்ஷாட்தான் இருக்கிறது என்றால், மேலே தெரியும் பெயர், நேரம், கீழே உள்ள பட்டன்கள் எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். அவையும் படத்தின் பகுதியாகிவிடுவதால் பொருத்தம் கெடும்.

பெரும்பாலோர் நேராக கூகுள் லென்ஸுக்குத்தான் போவார்கள். அது "இது என்ன?" என்ற கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்லும். செடி, செருப்பு, கோயில் எதுவானாலும் சரி. சுறா படத்தைக் கொடுத்தால் வேறு சுறாக்களையும் சேர்த்துக் கொட்டக்கூடும். அதே படம் மட்டும் வேண்டுமென்றால் Exact matches என்பதைத் தட்ட வேண்டும்.

நம் கேள்வியோ "இது எப்போது முதலில் வெளிவந்தது?" என்பது. இங்கேதான் பொறியை மாற்ற வேண்டும். tineye.com போய்ப் படத்தை ஏற்றுங்கள். இது ஒத்த படங்களைத் தேடாது. அதே படத்தையும் அதன் வெட்டிய, அளவு மாற்றிய, திருத்திய நகல்களையும் மட்டுமே தேடும். முடிவுகள் வந்ததும் வரிசைப்படுத்தும் பெட்டியில் Oldest தேர்ந்தெடுங்கள். 2017க்கு முந்தைய ஒரே ஒரு தேதி கிடைத்தாலும் ஹூஸ்டன் கதை உடைந்துவிடும். உண்மையில் இந்தப் படம் 2011இலேயே, ஐரீன் புயலின்போது போர்ட்டோ ரிக்கோ என்ற பெயரில் சுற்றியதுதான்.

ஒரு எச்சரிக்கை: டின்ஐ காட்டும் தேதி, அது அந்தப் படத்தை முதலில் கண்ட நாள். படம் எடுத்த நாள் அல்ல. ஆகவே "இதைவிடப் பழையது" என்று சொல்லலாம், "அன்றுதான் எடுத்தார்கள்" என்று சொல்லக் கூடாது. முடிவே வராவிட்டாலும் படம் புதிது என்று அர்த்தமில்லை. டின்ஐ அந்தப் பக்கத்தைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அப்போது லென்ஸின் Exact matches, பிறகு yandex.com/images என்று போங்கள். கட்டடமோ தெருவோ அடையாளம் காண, குறிப்பாக ரஷ்யா, கிழக்கு ஐரோப்பா பக்கத்துப் படங்களுக்கு, யாண்டெக்ஸ் பலமுறை கைகொடுக்கும். குடும்பப் படங்களை மட்டும் எதிலும் ஏற்றாதீர்கள்.

ஹூஸ்டன் கதை பொய் என்று தெரிந்தாயிற்று. படமே ஒட்டுவேலை என்றால், சுறா எங்கிருந்து வந்தது? படத்தில் சுறாவை மட்டும் வெட்டி, மறுபடி தேடுங்கள். ஒட்டுப்படத்தில் பின்னணி வேறு, பொருள் வேறு என்பதால் முழுப் படமாகத் தேடினால் மூலம் எளிதில் சிக்காது. இந்த முறை லென்ஸ், யாண்டெக்ஸ் இரண்டுமே பொருத்தம், ஏனென்றால் இப்போது நமக்கு வேண்டியது ஒத்த உருவம். தேட வேண்டிய மூலம் இதுதான்: 2005இல் ஆப்பிரிக்கா ஜியாகிரஃபிக் இதழில் வந்த, படகில் செல்பவரைப் பின்தொடரும் வெள்ளைச் சுறாவின் படம். அதிலிருந்த சுறாவைத்தான் வெட்டிச் சாலையில் நீந்தவிட்டிருக்கிறார்கள்.