கறுப்பைப் பார்த்துப் பயந்து, கொழகொழப்பைக் கோட்டைவிடாதீர்கள்

பினாங்கில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது வெங்காயத்தைப் படம் பிடித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, "அண்ணே, இதச் சமைக்கலாமா, வீசிடவா?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் மேல்தோலில் கறுப்புத் தூள் படிந்த வெங்காயம்தான் படத்தில் இருக்கும். கெட்டுப்போவதில் மோசமான வகையோ படத்தில் தெரியவே தெரியாது. தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

போன மாதம் பட்டர்வொர்த்தில் வீட்டிலிருந்தே சமைத்துக் கொடுக்கும் ஓர் அக்கா, 10 கிலோ மூட்டை ஒன்றின் படத்தை அனுப்பினார். 17 வெங்காயம் கறுத்திருந்தது. அதையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டு, 'நல்லதாக'த் தெரிந்ததைக் கூடையில் கொட்டி மூடி வைத்துவிட்டாராம். நான்காம் நாள் கூடையடியில் தண்ணீர் கசிந்து, சமையலறை முழுக்க நாறியது. நேரில் போய்ப் பார்த்தேன். கெட்டவற்றில் கறுப்பு ஒரு பொட்டுகூட இல்லை. தோல் பளபளவென்று இருந்தது. கழுத்தை, அதாவது தாள் காய்ந்து சுருங்கிய நுனியை, கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே அமுங்கி, மஞ்சள் கலந்த நீர் வெளியே வந்தது.

இவை இரண்டும் வேறு வேறு. கறுப்புத் தூள் ஆஸ்பெர்ஜிலஸ் நைகர் என்ற பூஞ்சை. காய்ந்த தோலுக்கும் முதல் சதை அடுக்குக்கும் நடுவே, நரம்புக் கோடுகளை ஒட்டிக் கரித்தூள் போலப் படியும். 30 டிகிரியை ஒட்டிய வெப்பமும் தோலில் ஈரமும் இருந்தால் வேகமாக வளரும். நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. கொழகொழ அழுகலோ பாக்டீரியாவின் வேலை. சரியாகக் காயாத கழுத்து வழியாகவோ, மூட்டையைத் தூக்கிப் போட்டதில் விழுந்த அடி வழியாகவோ உள்ளே போகிறது. அதிலிருந்து கசியும் நீர் பக்கத்து வெங்காயத்தின் காயத்தில் பட்டால் அதற்கும் பரவிவிடும்.

அதனால் கண்ணால் பார்த்து மட்டும் பிரிக்காதீர்கள். ஒவ்வொன்றின் கழுத்தையும் அழுத்திப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். புளித்த வாடையோ அழுகல் வாடையோ வந்தால், வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கெட்ட அடுக்கை உரித்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாமா என்றும் கேட்பார்கள். அழுகல் கழுத்திலிருந்து கீழே இறங்கும், வெளி அடுக்கு கெட்டியாக இருக்கும்போதே நடு அடுக்கு வழுக்கும். முழுதாக வீசுவதுதான் நல்லது.

கறுப்புத் தூள் மட்டும் இருந்து, வெங்காயம் கல் மாதிரிக் கெட்டியாக இருந்தால், வெளித்தோலையும் முதல் அடுக்கையும் உரித்து, ஓடும் தண்ணீரில் கழுவி அன்றே சமைத்துவிடலாம். அக்கா வீசிய 17-இல் பாதியாவது இப்படித் தேறியிருக்கும். காய்ந்த துணியால் தட்டித் துடைக்காதீர்கள், தூள் காற்றில் பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்களும் பூஞ்சை ஒத்துக்கொள்ளாதவர்களும் அதைத் தொடவே வேண்டாம். கழுவியதைத் திரும்பக் கூடையில் போட்டால் அந்த ஈரமே அடுத்த பூஞ்சைக்கு வழி செய்யும். வெட்டிப் பார்க்கையில் கறுப்பு சதைக்குள்ளும் இறங்கியிருந்தால் முழுதும் குப்பைக்குத்தான், ஏனென்றால் இந்தப் பூஞ்சையில் சில ரகம் நஞ்சும் உண்டாக்கும்.

பூண்டில் குழப்பம் வேறு மாதிரி. பல் மஞ்சளாக, மெழுகு மாதிரி பாதி ஒளி ஊடுருவ இருந்தால் நோய் என்று நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் வெயில் சூட்டாலோ காற்றோட்டம் இல்லாததாலோ வந்த கோளாறு, தொற்றாது. அந்தப் பல்லை எடுத்துவிட்டால் போதும். கவனிக்க வேண்டியது நீலப்பச்சைத் தூள். அது பெனிசிலியம் பூஞ்சை, பல்லுக்குள்ளேயே தின்றுகொண்டு போகும். கையில் எடுத்தால் பூண்டு கனமில்லாமல் இருக்கும்; உரித்தால்தான் தெரியும்.

படம் அனுப்புவதானால் மேல்தோலை மட்டும் பிடிக்காதீர்கள். ஒன்றைக் கழுத்திலிருந்து வேர் வரை நெடுக்காகப் பிளந்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல் எடுங்கள். கழுத்து அமுங்குகிறதா, வாடை எப்படி என்று இரண்டு வரியும் எழுதிவிடுங்கள். அது இல்லாமல் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

அப்புறம், பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். ஃபிரிஜ்ஜில் முழு வெங்காயத்தை வைத்து வெளியே எடுத்தால் தோல் வியர்த்துவிடும், அதுவும் வேண்டாம். வலைப் பையில் போட்டு, சிங்குக்கும் அடுப்புக்கும் தள்ளி, காற்று படும் இடத்தில் தொங்கவிடுங்கள். அந்த அக்கா இப்போது மூட்டையாக வாங்குவதில்லை. வாரத்துக்கு மூன்று கிலோ வாங்கி, வந்த அன்றே ஒவ்வொன்றின் கழுத்தையும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுகிறார்.