பக் ரிப்போர்ட் மெயில்: அனுப்புவதற்கு முன் வினைமுற்றைப் பாருங்கள்

சில வருடங்களுக்கு முன் நான் அனுப்பிய ஒரு பக், பத்தே நிமிடத்தில் "இது பிழை இல்லை, இப்படித்தான் வடிவமைத்திருக்கிறோம்" என்ற பதிலோடு மூடப்பட்டுத் திரும்பி வந்தது. பக் உண்மையானது. என் கண் முன்னால் மூன்று முறை நடந்தது. டெவலப்பர் மேல் கோபம் வந்தது, ஆனால் என் மெயிலை நானே இன்னொரு முறை படித்தபோது அவர் செய்தது சரி என்று புரிந்தது. நான் எழுதியிருந்தது ஏறக்குறைய இப்படி:

"ப்ரொஃபைல் பக்கத்தில் 6 எம்பி படம் போட்டேன், எரர் வந்தது. அப்புறம் 2 எம்பி படத்தைத் தேர்ந்தெடுக்கவும் எரர் போகவில்லை. சேமிக்க முடியவில்லை. எரர் போகும், சேமி பட்டன் வேலை செய்யும்."

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தனித்தனியாகப் பொருள் இருக்கிறது. ஆனால் அந்த ஆப்பில் 5 எம்பி-க்கு மேல் போனால் எரர் வருவதுதான் சரியான நடத்தை. டெவலப்பர் வேகமாகப் படிக்கும்போது "எரர் வந்தது" என்பதையே என் புகாராக எடுத்துக்கொண்டார். உண்மையான புகார் அடுத்த வரியில் இருந்தது, அதுவும் அதே இறந்தகாலத் தொனியில். எது நான் செய்தது, எது ஆப் செய்தது, எது நடக்க வேண்டியது என்று பிரித்துக் காட்ட வினைமுற்றுகள் உதவவே இல்லை.

பக் மெயிலில் காலம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று சொன்னால், மெயில் முழுக்க ஒரே காலம் என்று பலர் நினைக்கிறார்கள். அதுதான் முதல் தவறு. பிழையை வரவைக்கும் படிகள், எதிர்பார்ப்பது, உண்மையில் நடப்பது என்ற மூன்று பகுதிக்கும் மூன்று வடிவம் வேண்டும், ஒரு பகுதிக்குள் அந்த வடிவம் மாறக்கூடாது. படிகள் ஏவலில்: "திறக்கவும்", "அழுத்தவும்". எதிர்பார்ப்பது "வேண்டும்" போட்டு: "மறைய வேண்டும்". உண்மையில் நடப்பது நிகழ்காலத்தில்: "மறைவதில்லை", "அப்படியே நிற்கிறது". இப்படி இருந்தால் படிப்பவர் தலைப்பைப் பார்க்காமலே எந்தப் பகுதியில் இருக்கிறார் என்று வினைமுற்றை வைத்துச் சொல்லிவிடலாம்.

படிகளில் நடக்கும் பெரிய தவறு, கதை சொல்வது. "போட்டேன், வந்தது, அழுத்தினேன்" என்று எழுதினால் அது நேற்று உங்களுக்கு நடந்த ஒரு சம்பவம், அவ்வளவுதான். படிப்பவர் தானும் செய்து பார்க்க வேண்டிய வேலை என்ற உணர்வே வராது. அதை "செய்யவும்" என்று மாற்றினால் போதும் என்று நினைத்தால், அங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது. தமிழில் "-வும்" என்ற ஈற்றுக்கு இரண்டு வேலை. "படத்தைத் தேர்ந்தெடுக்கவும்" என்று வாக்கியம் முடிந்தால் அது கட்டளை. "படத்தைத் தேர்ந்தெடுக்கவும் எரர் வந்தது" என்று தொடர்ந்தால் 'தேர்ந்தெடுத்ததும்' என்று பொருள். மேலே என் மெயிலில் அதேதான் நடந்தது: "2 எம்பி படத்தைத் தேர்ந்தெடுக்கவும் எரர் போகவில்லை." நிறுத்தக்குறி இல்லாமல் அவசரமாக அடித்தால் ஒரு படியும் அதன் விளைவும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே "-வும்" என்பதைக் கட்டளைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அதன் பின்னால் உடனே முற்றுப்புள்ளி வையுங்கள். 'செய்த உடனே' என்று சொல்ல வேண்டிய இடத்தில் "தேர்ந்தெடுத்ததும்" என்றே எழுதுங்கள்.

படிகளில் "அழுத்த வேண்டும்" என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். இலக்கணப்படி தவறில்லை. ஆனால் "வேண்டும்" என்பது எதிர்பார்ப்புப் பகுதியின் அடையாளம், அதை வேறு எங்கும் செலவழித்தால் அடையாளம் கெட்டுவிடும். முன்நிபந்தனைக்கும் இதேதான்: "லாகின் செய்திருக்க வேண்டும்" என்பதற்குப் பதில் "தொடக்க நிலை: லாகின் செய்த பயனர், படம் இல்லாத ப்ரொஃபைல்" என்று வினைமுற்றே இல்லாமல் எழுதிவிடலாம்.

எதிர்பார்ப்புப் பகுதியில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு "-உம்" என்று முடிப்பது. "எரர் போகும். பட்டன் வேலை செய்யும்." எழுதியவர் மனதில் அது எதிர்பார்ப்பு. ஆனால் நம் மொழியில் "வரும்", "போகும்" என்பது எதிர்காலத்தை மட்டும் குறிப்பதில்லை, வழக்கமாக நடப்பதையும் குறிக்கும். "அந்தப் பட்டனை அழுத்தினால் பக்கம் வெள்ளையாகிவிடும்" என்று ஒருவர் சொன்னால் அது பிழையை விவரிக்கும் வாக்கியம். ஆக "பழைய எண்ணே காட்டும்" என்று மெயிலில் இருந்தால், காட்ட வேண்டுமா அல்லது இப்போது காட்டிக்கொண்டிருக்கிறதா? தலைப்பு இருந்தால் ஊகிக்கலாம். ஆனால் மெயிலைச் சுருக்கி சாட்டில் ஒட்டும்போது முதலில் காணாமல் போவது தலைப்புதான். "காட்ட வேண்டும்", "காட்டுகிறது" என்று எழுதியிருந்தால் ஒற்றை வரியாக எங்கே ஒட்டினாலும் பொருள் மாறாது.

அடுத்தது எதிர்மறை. எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் பெரும்பாலான பக்குகள் 'ஏதோ ஒன்று நடக்கவில்லை' என்ற வகைதான். "இயங்கவில்லை" என்ற வடிவத்துக்குள் காலம் இல்லை. "நேற்று இயங்கவில்லை" என்றும் சொல்லலாம், "இப்போது இயங்கவில்லை" என்றும் சொல்லலாம். எனவே "சேமி பட்டன் இயங்கவில்லை" என்று மட்டும் எழுதினால் ஒரு முறை நடந்ததா, எப்போதும் நடக்கிறதா என்று டெவலப்பருக்குத் தெரியாது. அவர் ஒரு முறை முயன்று பார்ப்பார், அவரிடம் பட்டன் இயங்கினால் "என்னிடம் வரவில்லை" என்று மூடிவிடுவார்.

இதற்குத் தமிழிலேயே தீர்வு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் நடந்தால் "இயங்குவதில்லை". ஒரே ஒரு முறை நடந்தால் "இயங்கவில்லை", கூடவே தேதியும் நேரமும். "இயங்காது" என்று எழுதவே வேண்டாம், அது ஏதோ விதியை அறிவிப்பது போல ஒலிக்கும், 'ஓ, அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் போல' என்று படிப்பவர் நினைக்க இடம் கொடுக்கும். "-வதில்லை" என்று எழுதும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை பார்த்துவிட்டு அப்படி எழுதக்கூடாது. நான் குறைந்தது மூன்று முறையாவது படிகளை முதலிலிருந்து செய்து பார்த்துவிட்டு, "3 முறை முயன்றதில் 3 முறையும்" என்று எண்ணிக்கையையும் போடுவேன். 3-ல் ஒரு முறை மட்டும் வந்தால் அதையும் அப்படியே எழுத வேண்டும்: "3 முறை முயன்றதில் இரண்டாவது முறை மட்டும் பட்டன் இயங்கவில்லை." இங்கே இறந்தகாலப் பொருள்தான் நேர்மையானது, நிகழ்காலத்துக்கு மாற்றி அழகுபடுத்தினால் தகவல் பொய்யாகிவிடும். லாகில் தேட நேரம் வேண்டுமே, அதனால் அந்த இரண்டாவது முயற்சியின் நேரமும் கூட வரட்டும்.

"முடியவில்லை" என்ற சொல்லையும் சந்தேகத்தோடு பாருங்கள். "சேமிக்க முடியவில்லை" என்பது உங்கள் அனுபவம், திரையில் நடந்தது அல்ல. பட்டன் மங்கலாக இருந்ததா, அழுத்தியும் ஒன்றும் ஆகவில்லையா, வேறு எரர் வந்ததா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு இடத்தில் இருக்கலாம். எழுவாயாக 'நான்' மறைந்திருக்கும் வினையை எடுத்துவிட்டு, பட்டனையோ செய்தியையோ எழுவாயாக்கினால் இது தானாகச் சரியாகும்.

சரி, அந்த மெயிலை இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன்.

தலைப்பு: ப்ரொஃபைல் படம் – பெரிய படத்துக்குப் பின் சிறிய படம் தேர்ந்தெடுத்தால் "சேமி" பட்டன் இயங்குவதில்லை

தொடக்க நிலை: லாகின் செய்த பயனர், ப்ரொஃபைல் பக்கம் திறந்த நிலை.

படிகள்:
1. "படம் மாற்று" பட்டனை அழுத்தி 6 எம்பி படத்தைத் தேர்ந்தெடுக்கவும். (சிவப்பு நிற எச்சரிக்கை வருகிறது. இது சரி.)
2. மீண்டும் "படம் மாற்று" பட்டனை அழுத்தி 2 எம்பி படத்தைத் தேர்ந்தெடுக்கவும்.

எதிர்பார்ப்பது: எச்சரிக்கை மறைய வேண்டும். "சேமி" பட்டன் இயங்கும் நிலைக்கு வர வேண்டும்.

நடப்பது: எச்சரிக்கை மறைவதில்லை. "சேமி" பட்டன் மங்கலாகவே இருக்கிறது. (3 முறை முயன்றதில் 3 முறையும்.)

முதல் படிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் "இது சரி" என்ற இரண்டு சொல்லைக் கவனியுங்கள். இடையில் வரும் சரியான விளைவைச் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் டெவலப்பர் பாதையில் இருக்கிறாரா என்று அவருக்கே தெரியாது. ஆனால் அது புகார் இல்லை என்று பிரித்துக் காட்டவும் வேண்டும். அந்த இரண்டு சொல் அன்றைக்கு இருந்திருந்தால் என் பக் மூடப்பட்டிருக்காது.

எதிர்பார்ப்பதும் நடப்பதும் ஜோடியாக இருப்பதையும் பாருங்கள். எச்சரிக்கை, பட்டன் என்ற வரிசை இரண்டிலும் ஒன்றே. ஒரு பக்கம் பட்டனைப் பற்றியும் மறுபக்கம் பக்கம் மெதுவாகத் திறப்பதைப் பற்றியும் இருந்தால் அது இரண்டு பக், இரண்டு மெயில்.

தலைப்பு வரியைப் பலர் சரிபார்க்க மறந்துவிடுகிறார்கள். உள்ளே "இயங்குவதில்லை" என்று திருத்திவிட்டு மேலே "இயங்கவில்லை" என்றே விட்டுவிடுவது சாதாரணம். பக் பட்டியலில் எல்லோரும் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான்.

சரிபார்க்கும் முறை என்று பார்த்தால், நான் மெயிலை முழுதாகப் படிப்பதில்லை. எழுதியவருக்குத் தன் வாக்கியம் எப்போதும் புரியும், அதனால் படித்துப் பயனில்லை. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது, அதனால் அடைப்புக்குறிக்குள் இருப்பதை விட்டுவிட்டு, முதல் படியிலிருந்து முற்றுப்புள்ளிக்கு முன்னால் இருக்கும் சொல்லை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டிப் பார்க்கிறேன்: தேர்ந்தெடுக்கவும், தேர்ந்தெடுக்கவும், வேண்டும், வேண்டும், மறைவதில்லை, இருக்கிறது. நடுவில் ஒரு "வந்தது" தலைகாட்டினால் உடனே கண்ணில் படும். முப்பது விநாடி வேலை. ஸ்பெல் செக்கர் இதைப் பிடிக்காது, ஏனென்றால் "வந்தது" என்பதும் சரியாக எழுதப்பட்ட சொல்தான்.

இந்தத் திருத்தத்தில் தொடக்கூடாத ஒன்று உண்டு. திரையில் வந்த செய்தி `Upload failed` என்றிருந்தால், அதை "அப்லோடு ஆகவில்லை" என்று உங்கள் காலத்துக்கு மாற்றாதீர்கள். ஒரு எழுத்து மாறாமல் மேற்கோளுக்குள் வையுங்கள். டெவலப்பர் அந்தச் சொல்லை அப்படியே கோடில் தேடித்தான் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பார், நீங்கள் தமிழாக்கிய வரியை வைத்துத் தேடினால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது.